கடை வாடகையில் டி.டி.எஸ்: மாதாமாதமா, ஒரே தடவையா?

"கும்பகோணத்தில் கடை, மாத வாடகை 55,000. 2025 நவம்பர் கடைசியில் காலி செய்கிறேன். மாதாமாதம் பிடித்து 7ஆம் தேதிக்குள் கட்டியிருக்கணுமாமே?"

வேண்டியதில்லை, போன வருட விற்றுமுதல் 1 கோடியைத் தாண்டாத தனிநபர் வியாபாரி என்றால். மாத வாடகை 50,000-ஐத் தாண்டுவதால் பிடித்தம் உண்டு. ஆனால் ஒரே தடவை, கடைசி மாத வாடகையில். ஏப்ரல் முதல் நவம்பர் வரை 4,40,000. அதில் 2 சதவீதம் 8,800. உரிமையாளருக்கு நவம்பரில் 46,200 கொடுங்கள். 8,800-ஐ டிசம்பர் 30-க்குள் வருமான வரித் தளத்தில் Form 26QC வழியாகக் கட்டுங்கள். உங்கள் பான், உரிமையாளர் பான் போதும்; டான் எண் தேவையில்லை.

உங்களிடம் சொன்னவர் பெரிய வியாபாரிகளுக்கான விதியைச் சொல்லியிருப்பார். அங்கேதான் 10 சதவீதமும் 7ஆம் தேதியும். எனவே போன வருடக் கணக்கில் விற்றுமுதலை முதலில் பாருங்கள்.

அப்புறம், கடைசி வாடகையை அட்வான்ஸில் கழிப்பது நம் பக்கத்து வழக்கம். அப்படிக் கழித்தாலும் வரி பிடித்தாக வேண்டும். அட்வான்ஸில் திரும்பி வரும் தொகையோடு இந்த 8,800-ஐயும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். கை மாறிய பிறகு கேட்டால் வராது. உரிமையாளர் பான் தராவிட்டால் விகிதம் 20 சதவீதம், ஆனால் கடைசி மாத வாடகைக்கு மேல் போகாது.