ரிவரில் வந்த ராஜாவும் அடுத்த ஐந்து ஆட்டமும்

கேள்வி: சனிக்கிழமை இரவு நண்பர்கள் ஐந்து பேர் மாடியில் போக்கர் ஆடுவோம். பணம் கிடையாது, தோற்றவர் பரோட்டா வாங்கித் தர வேண்டும். ஆளுக்கு 2,000 சிப், பிளைண்ட் 10-20. போன வாரம் எனக்கு இரண்டு ஏஸ் வந்தது. ஃப்ளாப்புக்கு முன்னாலேயே 1,200 சிப்புக்கு ஆல்-இன். நண்பன் கையில் இரண்டு ராஜா. கடைசிச் சீட்டான ரிவரில் மூன்றாவது ராஜா வந்து விழுந்தது. அடுத்த ஆட்டத்திலேயே ஜாக்கையும் ஐந்தையும் வைத்துக்கொண்டு அவனோடு மோதினேன். எனக்கு ஒரு ஜாக் ஜோடி சேர்ந்தது. நடுவில் சேர்ந்த பாட் 300 ஆக இருந்தபோது அவன் ரிவரில் 300 கட்டினான். யோசிக்காமல் நானும் கட்டித் தோற்றேன். அரை மணி நேரத்தில் எல்லாம் காலி. தப்பு என்று தெரிந்தேதான் செய்கிறேன். எப்படி நிறுத்துவது?
– ர., மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தம்பி, இதற்குப் போக்கர்காரர்கள் வைத்திருக்கும் பெயர் டில்ட். பின்பால் மெஷினை ஆத்திரத்தில் பிடித்து உலுக்கினால், அது ‘டில்ட்’ என்று காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடும். அங்கிருந்து வந்த சொல் இது.

முதலில் ஏஸ் ஆட்டத்தைப் பார்ப்போம். இரண்டு ஏஸும் இரண்டு ராஜாவும் ஃப்ளாப்புக்கு முன் மோதினால், ஏஸ் ஜெயிக்க வாய்ப்பு ஏறக்குறைய 82 சதவீதம். பதினொரு முறை மோதினால் சுமார் இரண்டு முறை ராஜாதான் ஜெயிக்கும். உங்களுக்கு அந்த இரண்டில் ஒன்று வந்தது. நாளைக்கே அதே சீட்டு வந்தாலும் நீங்கள் அப்படியேதான் ஆட வேண்டும்.

தப்பு நடந்தது அடுத்த ஆட்டத்தில். அந்த 300-ஐக் கட்டும்போது உங்கள் மனம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். நீங்களும் கட்டினால் பாட் 900 ஆகும், அதில் உங்கள் பங்கு 300. அப்படியென்றால் மூன்றில் ஒரு முறையாவது உங்கள் ஜாக் ஜோடி ஜெயிக்க வேண்டும். இவன் இப்படிக் கட்டும்போது மூன்றில் ஒரு முறையாவது வெறும் கையோடு கட்டுவானா? பதில் ஆமாம் என்றால் கட்டலாம், இல்லையென்றால் சீட்டைக் கீழே வைக்க வேண்டும். நீங்கள் கேட்டுக்கொண்டதோ ‘இவன் மறுபடியும் என்னை ஏமாற்றப் பார்க்கிறானா?’ என்பது. கோபம் உங்கள் கணக்கு அறிவை அழிக்கவில்லை, கேள்வியை மாற்றி வைத்துவிட்டது. தெரிந்தே செய்ததாகத் தோன்றுவது அதனால்தான்.

எனவே டில்ட்டைக் கோபத்தை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். கோபத்தில் இருப்பவன் ‘எனக்கென்ன கோபம்?’ என்றுதான் சொல்வான். என் அடையாளம் வேறு: பாட் இப்போது எவ்வளவு என்று என்னை நானே கேட்டால் உடனே பதில் வர வேண்டும். வரவில்லையென்றால் நான் டில்ட்டில் இருக்கிறேன். உங்களுக்கு வேறு அடையாளம் இருக்கலாம், முறை வரும் முன்பே கை சிப்பை எடுக்கிறதா என்று பாருங்கள்.

இனி, சீட்டைக் கலைக்கும் அந்த அரை நிமிடத்தில் என்ன செய்யலாம்? மீதியிருக்கும் சிப்பை அடுக்கி எண்ணுங்கள். 800 இருக்கிறது, அதாவது 40 பெரிய பிளைண்ட். ‘1,200 போச்சு’ என்பதை விட்டு ‘கையில் 800 இருக்கிறது’ என்பதற்கு மனம் வர இது உதவும். எண்ணும்போதே மூச்சை நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள், மூன்று முறை போதும். அப்புறம் ஒரே ஒரு வாக்கியம், வாய்க்குள்ளேயே: ‘சிப் உள்ளே போனபோது நான் முன்னால் இருந்தேன்’ அல்லது ‘அது என் தப்பு, நாளைக்குப் பார்ப்போம்’. தப்பு என்றால் செல்போனில் ஒரு வரி குறித்துக்கொண்டு அதோடு விடுங்கள். மேசையிலேயே விவாதம் வேண்டாம், குறிப்பாக ஜெயித்தவனோடு.

பெரிய அடி விழுந்தால் அரை நிமிடம் போதாது. உடம்பில் ஏறிய படபடப்பு இறங்கப் பல நிமிடம் ஆகும், மூன்று மூச்சில் அது போய்விடாது. அப்போது எழுந்து போங்கள். ‘ஒரு சுற்று என்னை விட்டுடுங்க’ என்று சொன்னால் போதும். ஐந்து பேர் ஆடும் இடத்தில் ஒரு சுற்று என்றால் ஐந்து ஆட்டம். நீங்கள் இல்லாதபோதும் பிளைண்ட் வைக்கச் சொன்னால்கூடச் செலவு 10-ம் 20-ம் சேர்த்து 30 சிப். அந்த ஜாக் ஆட்டத்தில் ரிவரில் மட்டும் 300 கொடுத்தீர்கள். மாடிக் கைப்பிடிச் சுவர் வரை போய்க் கடல் காற்றில் நில்லுங்கள், முகம் கழுவுங்கள்.

திரும்பி வந்த முதல் சுற்றில் எந்தச் சீட்டுக்கு ஆடுவீர்கள் என்பதை உட்காரும் முன்பே முடிவு செய்யுங்கள். பத்து அல்லது அதற்கு மேல் ஜோடி, ஏஸோடு ராஜா, ஏஸோடு ராணி. அவ்வளவுதான். மற்றதையெல்லாம் மடக்கிவிடுங்கள். இந்தச் சுற்றில் ஒன்றிரண்டு நல்ல வாய்ப்பு போகலாம், போகட்டும். பெரிய பாட்டை ஜெயித்த மிதப்பிலும் இதே விதியை வைத்துக்கொள்ளுங்கள், அங்கேயும் ஜாக்-ஐந்து அழகாகத் தெரியும்.

சிப் முழுக்கத் தீர்ந்தால் ஒரு முறை திரும்ப வாங்கலாம், இரண்டாவது முறை வேண்டாம். இதைச் சனிக்கிழமை ஆட்டம் தொடங்கும் முன்பே நண்பர்களிடம் சொல்லிவிடுங்கள், பிறகு பின்வாங்கக் கூச்சமாக இருக்கும். அதுவும் தீர்ந்தால் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதில்லை, சீட்டு போடும் வேலையை வாங்கிக்கொள்ளுங்கள். கையில் சீட்டு இல்லாமல் பார்க்கும்போது, அந்த ராஜா நண்பன் எப்போதெல்லாம் வெறும் கையோடு கட்டுகிறான் என்பதும் தெரிய வரும்.