ஈட்டுறுதி: பணம் கட்டும் முன்பே கேட்கலாமா?

“சரக்கின் உரிமையாளர் வழக்குப் போட்டால் இழப்பை நான் ஏற்கிறேன் என்று பக்கத்துக் கடைக்காரர் எழுதிக் கொடுத்ததால், அவர் சொன்னவரிடம் சரக்கை ஒப்படைத்தேன். இப்போது வழக்கு வந்துவிட்டது. நான் பணம் கட்டிய பிறகுதான் அவரிடம் கேட்க முடியுமா?”

கட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவர் தந்தது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 124ஆம் பிரிவு கூறும் ஈட்டுறுதி. வழக்கு என்னும் நிச்சயமற்ற நிகழ்வைச் சார்ந்திருப்பதால் அது 31ஆம் பிரிவின்படி நிகழ்வு சார்ந்த ஒப்பந்தமும்கூட. வழக்கு வராதிருந்தால் நீங்கள் கேட்க எதுவுமில்லை, இப்போது வந்துவிட்டது. ஆயினும், வழக்கு வந்ததாலேயே முழுத்தொகையும் உடனே கிடைத்துவிடாது. உங்கள் பொறுப்பு தீர்ப்பாலோ சமரசத்தாலோ உறுதியானதும், கையிலிருந்து கட்டுவதற்கு முன்பே அவரைச் செலுத்தச் சொல்லலாம் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1942இல் கூறியுள்ளது.

நான் அஞ்சுவது சமரசத்தைப் பற்றித்தான். 125ஆம் பிரிவின்படி இழப்பீட்டுத் தொகை, வழக்குச் செலவு, சமரசத் தொகை மூன்றையும் பெறலாம். ஆனால் அவர் வேண்டாமென்று சொல்லியிருக்கையில் நீங்களாக இரண்டு லட்சத்துக்கு ஒத்துக்கொண்டால், அந்தத் தொகையைத் தர அவர் மறுக்க இடமுண்டு. அவர் எதுவும் சொல்லாதிருந்தால், ஈட்டுறுதியே இல்லாத ஒரு விவேகமான வியாபாரியும் அந்தத் தொகைக்கு இசைந்திருப்பாரா என்று நீதிமன்றம் பார்க்கும். ஆகவே அழைப்பாணையின் நகலை இணைத்து, வழக்கை எப்படி நடத்தச் சொல்கிறார் என்று கேட்டு, இப்போதே அவருக்குப் பதிவு வசதியுடன் விரைவுத் தபால் அனுப்புங்கள்.