கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்கும் பாடக்குறிப்பு

கேள்வி: கல்வியியற் கல்லூரியில் கணிதம் படித்துவிட்டுக் கட்டுறு பயில்வுக்காக யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலைக்கு வந்திருக்கிறேன். அடுத்த வாரம் தரம் 6 இற்குச் சமவலுப் பின்னம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதற் பாடத்தை எப்படித் திட்டமிடுவது?

பதில்:

பாடக்குறிப்புப் புத்தகத்தில் திகதி, தரம், பாடவேளை, தேர்ச்சி, தேர்ச்சி மட்டம் என்ற வரிசையில் நிரப்பத் தொடங்காதீர்கள். அந்தப் பகுதிகளை ஆசிரியர் வழிகாட்டியைப் பார்த்துக் கால் மணி நேரத்தில் எழுதி முடித்துவிடலாம். அவை உங்கள் பாடத்தைத் தீர்மானிப்பதுமில்லை. முதலில் ஒரு வெற்றுத் தாளை எடுத்து, பாடம் முடியும்போது பிள்ளைகளிடம் கேட்கப்போகும் கடைசிக் கேள்வியை மட்டும் எழுதுங்கள். எங்கள் பாடசாலைக்கு வரும் பயிலுநர் ஆசிரியர்களிடம் நான் முதலில் கேட்பது அதைத்தான். அந்தக் கேள்வி சரியாக அமைந்தால், எதைக் கற்பிப்பது, எதை விடுவது, எந்த எண்களை எடுப்பது ஆகிய மூன்றும் பெரும்பாலும் தாமாகவே முடிவாகிவிடும்.

பயிலுநர்கள் வழக்கமாகக் கடைசியில் கொடுப்பது 1/2 = □/4 போன்ற ஒரு கேள்வியாகும். பாதியும் இரண்டு காற்பகுதிகளும் ஒன்று என்பதைத் தரம் 6 பிள்ளை வீட்டிலேயே அறிந்திருக்கும். ஆகவே, அந்தப் பிள்ளை சரியான விடையை எழுதினால், அது உங்கள் பாடத்தால் வந்ததா, முன்பே தெரிந்ததா என்று உங்களால் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக 2/3 = □/9 என்று கேட்டுப் பாருங்கள். விளங்கிய பிள்ளை 6 என்று எழுதும். மேலும் கீழும் ஒரே எண்ணைக் கூட்டினால் போதும் என்று நினைக்கும் பிள்ளை, 3 ஐ 9 ஆக்க 6 கூட்டியதால் 2 உடனும் 6 ஐக் கூட்டி 8 என்று எழுதும். சமவலுப் பின்னம் என்றால் இரட்டிப்பதுதான் என்று பிடித்துக்கொண்ட பிள்ளை 4 என்று எழுதும். பகுதியெண்ணை மட்டும் மாற்றிவிட்டுத் தொகுதியெண்ணை அப்படியே விடும் பிள்ளை 2 என்று எழுதும். ஒவ்வொரு தவறான எண்ணமும் வெவ்வேறு விடையைத் தருவதால், விடைத் தாளைப் பார்த்தவுடனேயே பிள்ளை எங்கே நிற்கிறது என்பது தெரியும். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதுவார்கள் என்று நினைத்தால், ஒன்றுவிட்ட வரிசைகளுக்கு 3/4 = □/12 என்று கொடுங்கள்; அங்கே அதே நான்கு வகையினரும் முறையே 9, 11, 6, 3 என்று எழுதுவார்கள்.

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு கற்றற்பேற்றை எழுதுங்கள். “சமவலுப் பின்னங்களை விளங்கிக்கொள்வர்” என்று எழுதினால், மேற்பார்வைக்கு வரும் விரிவுரையாளரும் நீங்களும் அதை எங்கே பார்ப்பது? “தரப்பட்ட பின்னமொன்றுக்குச் சமவலுவான பின்னத்தைப் படம் வரைந்து காட்டி, விடுபட்ட தொகுதியெண்ணை எழுதுவர்” என்று எழுதினால், பாடம் எங்கே முடிய வேண்டும் என்பது துலங்கும். 8/12 ஐச் சுருக்கி 2/3 ஆக்குவது இந்தப் பாடத்துக்கு உரியதல்ல என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். அதை அடுத்த பாடவேளைக்கு விடுங்கள். ஒரே நாளில் பெருக்கலையும் வகுத்தலையும் கொடுத்தால் எதை எப்போது செய்வது என்று பிள்ளைகள் குழம்புவார்கள்.

அடுத்தது நேரம். பாடவேளை 40 நிமிடம் என்று நேரசூசி சொன்னாலும், இடைவேளைக்குப் பிந்திய பாடவேளையாயின் பிள்ளைகள் கை கழுவி வந்து அமரவே ஐந்து நிமிடம் போய்விடும். முதற் பாடவேளையாயின் வரவு இடாப்பு அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே கையில் இருப்பது 35 நிமிடம் என்று வைத்து, அதிலும் 30 நிமிடத்துக்கு மட்டும் திட்டமிடுங்கள். முன்னறிவைப் பார்க்க 5, படம் வரைந்து கண்டறிய 13, விதியை எடுத்துப் பேச 7, கடைசிக் கேள்விக்கும் தாள்களைச் சேர்க்கவும் 5. மிஞ்சும் ஐந்து நிமிடத்தை எழுதாமல் விடுங்கள். அது எப்படியும் செலவாகிவிடும். பாடம் பிந்தினால் விதியைப் பேசும் பகுதியிலிருந்து ஓர் உதாரணத்தை வெட்டலாம், ஆனால் கடைசிக் கேள்வியை ஒருபோதும் வெட்டக்கூடாது. இதைப் பாடக்குறிப்பின் ஓரத்திலேயே எழுதிவைத்தால், மணி அடிக்கப்போகும் பதற்றத்தில் அதை முடிவுசெய்ய வேண்டியிராது.

முன்னறிவுக்கு இரண்டு செவ்வகங்கள் போதும். ஒன்று மூன்று சமபங்குகளாகவும், மற்றது சமனற்ற மூன்று துண்டுகளாகவும் பிரிக்கப்பட்டிருக்கட்டும். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக்கு நிறம் தீட்டி, “எது 1/3?” என்று கேளுங்கள். வகுப்பில் பலர் இரண்டையும் சொன்னால், அன்றைய பாடத்தை அங்கேயே நிறுத்திச் சமபங்கு என்ற கருத்துக்கு இறங்க வேண்டும். அப்படி இறங்கினால் என்ன செய்வீர்கள் என்பதையும் குறிப்பில் இரண்டு வரி எழுதிவையுங்கள்.

கண்டறியும் பகுதிதான் பாடத்தின் உயிர் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பயிலுநர்கள் பெரும்பாலும் தாள் மடிப்பைத் தெரிவார்கள். பாதியாகவும் காலாகவும் மடிப்பது எளிது. ஆனால் மூன்றாக மடிக்கும்போது துண்டுகள் ஒழுங்காக வராது. அப்போது, நீங்கள் சற்று முன்பு வலியுறுத்திய சமபங்கு பிள்ளையின் கையிலேயே பொய்யாகிவிடும். தாள் பகிரவும் நேரம் போகும். (தோசையை உதாரணமாக எடுப்பதும் இதே காரணத்தால் சிக்கலாகும், வட்டத்தை மூன்றாகப் பிரிக்கத் தரம் 6 பிள்ளைக்கு வராது. உணவுதான் வேண்டுமென்றால் செவ்வகத் தட்டில் வெட்டிய தொதல் பொருத்தமாக இருக்கும்.) பிள்ளைகளிடம் ஏற்கெனவே சதுரக் கொப்பி இருக்கிறது. அதில் 6 கட்ட நீளமும் 6 கட்ட உயரமும் கொண்ட உருவொன்றை வரையச் சொல்லுங்கள். ஒவ்வோர் இரண்டு கட்டத்துக்கும் ஒரு நிலைக்குத்துக் கோடு போட்டால் மூன்று சமபங்குகள் வரும். அவற்றில் இரண்டுக்கு நிறம் தீட்டினால் 2/3. இப்போது உயரத்தின் நடுவில் ஒரு கிடைக்கோடு போட்டால் அதே உரு 4/6 ஆகும். பக்கத்தில் அதே அளவில் இன்னொன்றை வரைந்து, இரண்டு கட்டத்துக்கு ஒன்றாக இரண்டு கிடைக்கோடுகள் போட்டால் 6/9 ஆகும். 6 கட்டம் என்று எடுப்பதற்குக் காரணம் அது 2 ஆலும் 3 ஆலும் மிச்சமின்றி வகுபடுவதே. 5 கட்டமோ 10 கட்டமோ எடுத்தால் மூன்றாகப் பிரிக்கும்போது கோடு கட்டத்தின் நடுவில் விழும்.

கோடு போட்டதும் கேட்க வேண்டிய கேள்வியைச் சொல்லுக்குச் சொல் குறிப்பில் எழுதுங்கள்: “நிறம் தீட்டிய இடம் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா, அப்படியே இருக்கிறதா?” நிச்சயமாக ஒரு பிள்ளையாவது, “கூடீட்டுது ரீச்சர், முதல் ரெண்டு, இப்ப நாலு” என்று சொல்லும். இந்த விடைக்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். “இல்லை, பிழை” என்று தாண்டிப் போகாமல், “துண்டு கூடினது சரி. ஒவ்வொரு துண்டுக்கும் என்ன நடந்தது?” என்று கேளுங்கள். துண்டுகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காகும்போது ஒவ்வொரு துண்டின் அளவும் பாதியாகிறது என்பதைப் பிள்ளையே சொல்ல வேண்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் மேலும் கீழும் ஏன் ஒரே எண்ணால் பெருக்குகிறோம் என்பது பிள்ளைக்கு வெறும் கட்டளையாகப் போய்விடும்.

விதியைக் கரும்பலகையில் எழுதும் விதத்தையும் முன்கூட்டியே எழுதிப் பாருங்கள். அவசரத்தில் பலர் 2/3 × 2 = 4/6 என்று எழுதிவிடுகிறார்கள். அது கணிதத்தில் பிழை. 2/3 ஐ 2 ஆற் பெருக்கினால் 4/3 வரும். அந்த வரி கொப்பியில் ஏறிவிட்டால் பின்னப் பெருக்கலுக்கு வரும்போது அடுத்த ஆசிரியர் அதை அழிக்கப் பாடுபடுவார். (2 × 2)/(3 × 2) = 4/6 என்று தொகுதியெண்ணையும் பகுதியெண்ணையும் தனித்தனியே பெருக்கிக் காட்டுங்கள். பலகையின் இடப்பக்கத்தை மூன்று படங்களுக்கும் ஒதுக்கி, பாடம் முடியும்வரை அழிக்காதீர்கள். படங்களை முந்திய நாளே டிமைத் தாளில் வரைந்து கொண்டுபோனால், வகுப்புக்கு முதுகைக் காட்டி நிற்கும் நேரம் மிச்சமாகும். எண்களையும் 2, 3, 4 வாய்ப்பாடுகளுக்குள் வைத்திருங்கள். 5/7 = □/56 போன்றவற்றை எடுத்தால், பிள்ளைக்கு வராதது பின்னமா வாய்ப்பாடா என்று பிரித்தறிய முடியாது.

இதையெல்லாம் எழுதுவதற்கு முன், அந்த வகுப்பின் நிரந்தர ஆசிரியரிடம் நான்கைந்து கொப்பிகளை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். அலகுப் பின்னம் எதுவரை வந்திருக்கிறது, தொகுதியெண், பகுதியெண் என்ற சொற்களை அவர் பயன்படுத்தியிருக்கிறாரா என்பவை அதில் தெரிந்துவிடும். குறிப்பை எழுதிய பிறகு அவரிடமே காட்டுங்கள். வகுப்பில் எழுதத் தாமதிக்கும் பிள்ளைகள் யார் என்று அவருக்குத் தெரியும். படம் வரையும் 13 நிமிடம் போதுமா என்பதை அவரே திருத்தமாகச் சொல்வார்.

கடைசிக் கேள்வியைக் கொப்பியில் எழுதவிடாமல், காற்பங்குத் தாளில் பெயருடன் எழுதி வாங்குங்கள். விடைக்குக் கீழே சிறிய படம் ஒன்றையும் வரையச் சொல்லுங்கள்; 6 என்று எழுதிவிட்டுப் படத்தைத் தவறாக வரையும் பிள்ளை விதியை மட்டும் மனனம் செய்திருக்கிறது. ஆசிரியர் ஓய்வறைக்குப் போய்த் தாள்களை விடைப்படி குவியல்களாகப் பிரிக்கப் பத்து நிமிடம் போதும். 8 உம் 11 உம் எழுதியவர்களின் குவியல் பெரிதாயின், அடுத்த பாடத்தின் தொடக்கத்தில் 2/3 ஐயும் 8/9 ஐயும் ஒரே அளவுள்ள 6 × 6 உருக்களில் அருகருகே வரையவிட்டு, நிறம் தீட்டிய இடம் சமனா என்று கேளுங்கள். 8/9 இல் ஒரே ஒரு துண்டுதான் வெறுமையாக நிற்கும். 4 உம் 6 உம் எழுதிய குவியல் பெரிதாயின், இரண்டு கிடைக்கோடு போட்ட படத்துக்குத் திரும்பி, ஒவ்வொரு பங்கும் எத்தனை துண்டாயிற்று என்று எண்ணவிடுங்கள். 3/4 கிடைத்த வரிசையில் 6 என்பது பிழையான விடை என்பதால், தாளைக் கொடுக்கும்போதே மூலையில் அ, ஆ என்று குறித்துவிடுங்கள். இந்த எண்ணிக்கைகளைப் பாடக்குறிப்பின் சுயமதிப்பீட்டுப் பகுதியில் அப்படியே எழுதலாம். “பாடம் வெற்றிகரமாக நடைபெற்றது” என்ற வரியைவிட மேற்பார்வையாளருக்கும் அது பயன்படும்.