டெமோவுக்கு வராதவருக்கு எழுதும் முதல் மெசேஜ்

கேள்வி: நேரம் சொல்லி ஒத்துக்கொண்ட கிளையண்ட் மீட்டிங்குக்கு வரவே இல்லை. கோபமோ குறையோ வெளியில் தெரியாமல் மறுபடி எப்படி நேரம் கேட்பது? என்ன எழுதினாலும் குத்திக்காட்டுவது மாதிரியே வருகிறது.

கம்பெனிகளுக்கு மென்பொருள் விற்கும் வேலையில் ரொம்ப வருடமாக இருக்கிறேன். டெமோவுக்கு நேரம் கொடுத்துவிட்டு வராமல் போகிறவர்கள் இந்த வேலையில் சாதாரணம். அவர்களில் பலர் பின்னால் வாங்கியும் இருக்கிறார்கள். வராதவர் அதற்குப் பிறகு பதிலும் போடவில்லை என்றால் ஆர்வம் போய்விட்டது என்றுதான் நாம் நினைக்கிறோம். பல சமயம் அது வெறும் கூச்சம். 'ஐயோ, அவரைக் காக்க வைத்துவிட்டோமே, இப்போது என்ன சொல்வது' என்று தள்ளிப்போட்டே ஒரு வாரம் ஓடிவிடும். ஆகவே நம் மெசேஜ் அந்தக் கூச்சத்தைக் கூட்டக் கூடாது. அவர் மன்னிப்புக் கேட்காமலே, காரணம் சொல்லாமலே, இரண்டு சொல்லில் பதில் போட்டுவிட முடிய வேண்டும். ஒரு வரியை வைக்கலாமா, எடுக்கலாமா என்பதற்கு இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் மேலாளர், இரண்டு கிடங்குகளின் சரக்கு இருப்பை ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்று டெமோ கேட்டிருக்கிறார். செவ்வாய் காலை 11 மணி, வீடியோவில் அரை மணி நேரம். இன்வைட்டையும் ஏற்றுக்கொண்டுவிட்டார். இப்போது மணி 11:04, திரையில் நீங்கள் மட்டும் இருக்கிறீர்கள்.

முதலில் நம் பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும். அவர் வெயிட்டிங் ரூமில் நின்றுகொண்டிருக்க, நாம் உள்ளே விடாமல் இருக்கிறோமா? இன்வைட்டில் போன லிங்க்கும் நாம் திறந்து வைத்திருக்கும் லிங்க்கும் ஒன்றுதானா? இருவரும் வேறு வேறு நாட்டில் இருந்தால் நேரக் கணக்கு சரியா? மார்ச் மாதத்தில் அமெரிக்காவில் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை மாற்றுகிறார்கள், ஐரோப்பாவில் கடைசி ஞாயிறன்று. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்களுக்கு வழக்கமான வித்தியாசம் ஒரு மணி நேரம் தள்ளி நிற்கும், மனக்கணக்கில் நேரம் சொன்னவர் அங்கேதான் மாட்டுவார். தப்பு நம்முடையது என்று தெரிந்தால் நேராக மன்னிப்புக் கேட்டுவிட வேண்டியதுதான். கீழே சொல்வதெல்லாம் நம் பக்கம் சரியாக இருக்கும்போது.

11:05 வாக்கில் சின்னதாக ஒன்று அனுப்புங்கள். அவர் கடைசியாக எதில் பதில் போட்டாரோ, மெயிலோ வாட்ஸ்அப்போ, அதிலேயே.

"வணக்கம் சார், மீட்டிங் லிங்க்கில் இருக்கிறேன். எளிதாகக் கிடைக்கட்டும் என்று லிங்க்கை இங்கேயும் போடுகிறேன்."

அவ்வளவு போதும். "வருகிறீர்களா சார்?" என்று கேட்டால் அவர் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். மேலே உள்ளது வெறும் தகவல். தாமதமாகிவிட்டவர் அதைத் தொட்டு அப்படியே உள்ளே வந்துவிடலாம். ஃபோன் நம்பர் கொடுத்திருந்தால் ஒரு தடவை கூப்பிடலாம், எடுக்கவில்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள். அடுத்தடுத்து நான்கு மிஸ்டு கால் விழுந்திருந்தால், பிறகு எவ்வளவு பணிவாக எழுதினாலும் அந்த நான்கும்தான் அவர் கண்ணில் நிற்கும்.

11:15-க்கு லிங்க்கை விட்டு வெளியே வந்துவிடலாம். அரை மணி நேர டெமோவில் பாதி போன பிறகு அவர் ஓடி வந்தாலும் அரைகுறையாகத்தான் காட்ட முடியும்.

அடுத்ததுதான் முக்கியமான மெசேஜ். இதை அன்றைக்கே அனுப்பிவிட வேண்டும், முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள். 'நாளைக்கு அனுப்பினால் கோபம் ஆறியிருக்கும்' என்று நினைப்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மதியம் காலண்டரைப் பார்க்கும்போது அவருக்கே 'அடடா' என்று தோன்றும். அந்த நேரத்தில் நம் மெசேஜ் அங்கே இருந்தால் உடனே பதில் வரும். ஒரு ராத்திரி தாண்டிவிட்டால், நாம் வருத்தப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டோமோ என்ற எண்ணம் அவருக்கு வந்துவிடும்.

"வணக்கம் சார்,
இன்று காலை நாம் பேச முடியாமல் போனது. வியாழன் காலை 11 மணி அல்லது வெள்ளி மாலை 4 மணி, இரண்டில் எது உங்களுக்குத் தோதுப்படும்? வேறு நேரம் வசதி என்றாலும் சொல்லுங்கள், அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.
இரண்டு கிடங்கு இருப்பையும் ஒரே திரையில் பார்ப்பதைத் தயாராக வைத்திருக்கிறேன், அதிலிருந்தே தொடங்கலாம்."

நடந்ததைப் பற்றி இதில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அதிலும் யார் வந்தார், யார் வரவில்லை என்ற பேச்சு இல்லை. மீதி முழுக்க இனி நடக்கப்போவதைப் பற்றியது. குத்திக்காட்டுவது மாதிரி வருகிறது என்று நீங்கள் சொல்வது அநேகமாக இந்த விகிதம் தலைகீழாக இருப்பதால்தான். சொற்கள் எவ்வளவு மென்மையாக இருந்தாலும், நடந்ததைப் பற்றி மூன்று வரி எழுதினால் அது புகாராகத்தான் படிக்கப்படும்.

நல்ல எண்ணத்தோடு நாம் சேர்க்கிற சில வரிகள்தான் அதிகம் கெடுக்கின்றன. "11:15 வரை லிங்க்கில் இருந்தேன்" என்பது நமக்குத் தகவல், அவருக்குக் கணக்கு. "பேசிக்கொண்டபடி" என்று ஆரம்பித்தால் வாக்கை மீறியதை நினைவூட்டுகிறோம். "எல்லாம் நலம்தானே சார்?" என்பது அக்கறையாகத்தான் தெரியும், ஆனால் காரணத்தைச் சொல்லச் சொல்லி வாசலில் நிற்கிற கேள்வி அது. உண்மையான காரணம் வெறும் மறதி என்றால் அவர் ஒரு பொய்யைத் தேட வேண்டும். "பரவாயில்லை" கூட வேண்டாம். அவர் மன்னிப்புக் கேட்பதற்கு முன்பே நாம் மன்னித்துவிட்டால், தப்பு உங்கள் மேல்தான் என்று சொன்னதாகிவிடும். அவர் மன்னிப்புக் கேட்ட பிறகு அந்தச் சொல் நன்றாகவே பொருந்தும்.

பழியை நாமே ஏற்றுக்கொள்கிற மாதிரி, "எங்கள் லிங்க்கில் ஏதோ கோளாறு போல" என்று எழுதச் சொல்லிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். லிங்க்கைத் தொடவே இல்லை என்பது அவருக்குத் தெரியும். அதோடு, மென்பொருள் விற்க வந்தவரே தன் லிங்க்கைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்றும் ஆகிவிடும். யார் மேலும் பழி போடாமல் எழுத முடியும்போது பொய் எதற்கு?

இரண்டு நேரம் கொடுப்பதற்குக் காரணம், அவர் "வியாழன்" என்று மட்டும் எழுதி முடித்துவிடலாம். "உங்களுக்கு எப்போது வசதி?" என்று மட்டும் கேட்டால் அவர் காலண்டரைத் திறந்து, தேடி, தட்டச்ச வேண்டும், அந்த வேலை நாளைக்குப் போய்விடும். நேரத்தைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் புக்கிங் லிங்க்கை மற்ற சமயங்களில் நானும் அனுப்புவேன். ஆனால் ஒரு தடவை தவறிப்போன பிறகு அனுப்பினால், 'நீயே பார்த்துக்கொள்' என்று சொன்னது மாதிரி ஆகிவிடுகிறது.

பழைய இன்வைட்டை உடனே ரத்து செய்யாதீர்கள். ரத்து அறிவிப்பு இன்வைட்டில் உள்ள எல்லோருக்கும் போகும். அவருடைய மேலதிகாரியும் அதில் இருந்தால், நாம் ஒரு சொல்லும் எழுதாமலே விஷயத்தை மேலே கொண்டுபோய்விட்டோம். இதே காரணத்துக்காக அன்றைய மெயிலும் அவர் ஒருவருக்கு மட்டும் போகட்டும். அவர் நேரத்தைச் சொன்ன பிறகு அதே இன்வைட்டைப் புது நேரத்துக்கு நகர்த்தினால் போதும்.

சரி, பதில் வந்துவிட்டது: "மன்னிக்கவும், திடீரென்று ஆடிட் வந்துவிட்டது. வியாழன் ஓகே." இதற்கு, "பரவாயில்லை சார். வியாழன் 11 மணிக்கு இன்வைட்டை மாற்றிவிட்டேன்" என்பது போதும். ஆடிட்டைப் பற்றிக் கேட்கவும் வேண்டாம், ஆறுதல் சொல்லவும் வேண்டாம். அந்தப் பேச்சு எவ்வளவு சீக்கிரம் முடிகிறதோ, அவருக்கு அவ்வளவு நிம்மதி.

புதன்கிழமை ஒரு நினைவூட்டல் தேவை, ஆனால் இதிலும் கவனம் வேண்டும். ஒரு தடவை தவறியவருக்கு "நாளைய மீட்டிங் உறுதிதானே?" என்று எழுதினால், நம்பிக்கை இல்லாமல் கேட்பதாகப் படும். அதனால் மெசேஜில் வேறொரு வேலையை வைத்து அனுப்புங்கள்.

"சார், நாளை 11 மணி டெமோவுக்கு உங்கள் இருப்புப் பட்டியலில் இருந்து இருபது வரி போல அனுப்ப முடியுமா? அதை வைத்தே காட்டுகிறேன். நேரம் மாற்ற வேண்டியிருந்தால் ஒரு வரி போடுங்கள், மாற்றிக்கொள்ளலாம்."

பட்டியலை அனுப்பியவர் பெரும்பாலும் வந்துவிடுவார், ஏனென்றால் இப்போது அது அவருடைய டெமோ. அனுப்பவில்லை என்றால் உடனே சந்தேகப்பட வேண்டியதில்லை, ஆனால் அன்று காலை வேறு ஆட்களைச் சேர்த்துக் காத்திருக்க வைக்காதீர்கள். கடைசி வரியும் முக்கியம். வர முடியாதவருக்கு முன்கூட்டியே சொல்ல அது இடம் கொடுக்கிறது. முன்பே சொல்லிவிட்டு மாற்றுவது யாருக்கும் சங்கடம் இல்லை.

புது நேரம் கேட்ட மெசேஜுக்குப் பதிலே வரவில்லை என்றால், இரண்டு மூன்று வேலை நாள் கழித்து ஒரு தடவை எழுதலாம். அதற்குள் நாம் கொடுத்த நேரங்கள் கடந்தோ நெருங்கியோ இருக்கும், ஆகவே புது நேரம் கொடுங்கள். "முந்தைய மெயிலைப் பார்த்தீர்களா?" என்ற கேள்வி மட்டும் வேண்டாம்.

வியாழக்கிழமையும் அவர் வரவில்லை என்றால்? தொனியை மாற்றாதீர்கள், ஆனால் கேட்பதை மாற்றுங்கள். மறுபடி அரை மணி நேரம் கேட்பதில் அர்த்தம் இல்லை. "இந்த வாரம் உங்களுக்கு வேலை நெருக்கடி போல் தெரிகிறது. ஐந்து நிமிட வீடியோவாகப் பதிவு செய்து அனுப்பட்டுமா, இல்லை ஃபோனில் பத்து நிமிடம் பேசலாமா?" என்று எழுதலாம். பல மேலாளர்கள் வீடியோவைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள், அதைப் பார்த்துவிட்டு அவர்களே நேரமும் தருவார்கள்.

அதுவும் நடக்கவில்லை என்றால், எப்போது பேசுவது என்பதை அவரிடமே விட்டுவிட வேண்டிய கட்டம் வந்துவிட்டது. "இப்போதைக்கு இதை நிறுத்தி வைக்கிறேன் சார். அடுத்த காலாண்டில் நான் ஒருமுறை கேட்கட்டுமா, அல்லது தேவைப்படும்போது நீங்கள் சொல்கிறீர்களா?" இதைப் பதில் வாங்குவதற்கான தந்திரமாக அனுப்பக் கூடாது. நிறுத்துகிறேன் என்று எழுதிவிட்டு அடுத்த வாரமே "சும்மா ஒரு ஞாபகத்துக்கு" என்று போய் நின்றால், இதுவரை காட்டிய பொறுமை எல்லாம் அவருக்கு நடிப்பாகத் தெரியும். கேட்பதாகச் சொன்ன மாதத்தைக் குறித்து வையுங்கள், அதுவரை வேறு ஆட்களைப் பாருங்கள்.