தகடு வெட்டும் வெக்கையான பிரிவுக்கு ஷூவும் கையுறையும்

கேள்வி: தகடு வெட்டும் பிரிவில் சூடு தாங்கவில்லை. எந்த வகுப்பு ஷூ, கையுறை வாங்கலாம்?

தரை உலர்ந்திருந்தால் எஸ்1பி ஷூ போதும். பாதுகாப்பு வகுப்பு என்பது ஒரு பொருள் எந்தெந்தச் சோதனையில் தேறியது என்பதற்கான குறி. எஸ்1பி, எஸ்3 இரண்டிலும் விரல்மூடி தாங்கும் அடி ஒன்றுதான்: 200 ஜூல், அதாவது 20 கிலோ எடை சுமார் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது உண்டாகும் அடி. ஆணி ஏறாத அடிப்பாகமும் இரண்டிலும் உண்டு. எஸ்3-இன் மேல்தோல் கூடுதலாகத் தண்ணீரைத் தடுக்கும். மழைக்கோட்டுக்குள் வியர்ப்பது போலத்தான்: வெளி ஈரத்தைத் தடுப்பது உள்ளே வியர்வையையும் பெரும்பாலும் அடைத்துவிடும். ஊறிய தோல் உரசிக் கொப்புளமாகும், ஆள் நொண்டுவார். தரையில் தண்ணீரோ குளிர்விப்பு எண்ணெயோ இருந்தால் மட்டும் எஸ்3 எடுங்கள்.

கையுறையில் இஎன் 388 என்ற ஐரோப்பியத் தரக் குறியீட்டின் கீழ் நான்கு எண்களுக்குப் பின் வரும் எழுத்தைப் பாருங்கள். அது வெட்டுத் தாங்கும் அளவு. ஏ குறைவு, எஃப் அதிகம். மெல்லிய தகடு தூக்க சி அல்லது டி சரியாக இருக்கும். உள்ளங்கையில் மட்டும் நைட்ரைல் பூச்சு, புறங்கை வெறும் பின்னல் என்றால் காற்றோடும். தடித்ததை வாங்கினால் ஸ்க்ரூ எடுக்கும்போது கழற்றிவிடுவார்கள், வெட்டு அப்போதுதான் விழும்.

எஃப் வகுப்புக் கையுறை இருந்தால் சுழலும் துளைப்பானில் கை வைக்கலாம் என்பது தவறு; அறுபடாத நூல் சிக்கினால் கையையே இழுத்துவிடும், அங்கே கையுறை போடவே கூடாது.