ரிஸ்ட்ரெட்டோ இனிக்கவில்லையே, ஏன்?

கேள்வி: வீட்டு எஸ்பிரெஸ்ஸோ மெஷினில் 18 கிராம் தூள் போட்டு, 27 விநாடியில் 36 கிராம் எடுக்கிறேன். சுமாராக இருக்கிறது, லேசாகப் புளிக்கிறது. ரிஸ்ட்ரெட்டோதான் இனிப்பு என்று எங்கோ படித்துவிட்டு 20 கிராமில் நிறுத்திப் பார்த்தேன். முகம் சுளிக்கும் அளவுக்குப் புளிப்பு, உப்பும் சேர்ந்து. சரி என்று மறுநாள் 60 கிராம் வரை ஓடவிட்டேன். தண்ணீராகவும் துவர்ப்பாகவும் ஆகிவிட்டது. நான் வாங்குவது லைட் ரோஸ்ட் கொட்டை. தப்பு என் மீதா, மெஷின் மீதா? அப்புறம், ரிஸ்ட்ரெட்டோவில் காஃபீன் குறைவாமே, இரவில் குடிக்கலாமா?

பதில்: உங்கள் மீதும் இல்லை, மெஷின் மீதும் இல்லை. நீங்கள் படித்த வாக்கியத்தில்தான் பாதி விடுபட்டுப் போயிருக்கிறது. ரிஸ்ட்ரெட்டோ என்றால் இத்தாலிய மொழியில் சுருக்கியது, அதாவது சீக்கிரம் நிறுத்திய ஷாட்; லுங்கோ என்றால் நீண்டது, நீங்கள் 60 கிராம் வரை ஓடவிட்டதுபோல. அந்த ஊரில் எஸ்பிரெஸ்ஸோவுக்கு வழக்கமாக வறுக்கும் கொட்டை உங்களுடையதைவிட நன்றாகவே கருத்தது. கருக வறுத்த கொட்டையில் புளிப்பு ஏற்கெனவே அடங்கிப்போயிருக்கும், கசப்புதான் ஓங்கி நிற்கும். அதில் ஷாட்டைச் சீக்கிரம் நிறுத்தினால் கசப்பு குறைந்து, இனிப்பு மேலே வருவதுபோலத் தெரியும். லைட் ரோஸ்ட்டில் நிலைமை தலைகீழ்.

ஏன் என்று நான் விளக்குவதைவிட உங்கள் நாக்கே சொல்லட்டும். ஒருநாள் 18 கிராம் தூள் செலவானாலும் பரவாயில்லை என்று வைத்துக்கொண்டு, நான்கு சின்னக் கோப்பைகளை எடுத்து வையுங்கள். ஒரே ஷாட்டை 60 கிராம் வரை ஓடவிட்டு, 15 கிராமுக்கு ஒரு முறை கோப்பையை மாற்றுங்கள். கை வேகமாக இருக்க வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் நல்லது. எண்ணிக்கை ஒன்றிரண்டு கிராம் முன்பின் ஆனால் ஒன்றும் கெட்டுவிடாது.

முதல் கோப்பை பாகுபோலக் கெட்டியாக, கருஞ்சிவப்பாக இருக்கும். வாயில் வைத்தால் புளிப்பும் உப்பும் ஒன்றாக மோதும், அதற்குமேல் எதையும் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டாவது கோப்பைதான் எனக்கு எப்போதும் ஆச்சரியம் தருவது. புளிப்பு தணிந்து, உருண்டையான ஒரு சுவை இருக்கும். இனிப்பு என்று நாம் சொல்வதற்கு மிக அருகில் வருவது அதுதான். மூன்றாவது தேநீர்போல மெலிந்து, லேசாகக் கசக்கும். நான்காவது வெளிறிப்போய், குடித்து முடித்த பிறகு நாக்கையும் மேலண்ணத்தையும் இழுத்துப் பிடிக்கும். உங்கள் லுங்கோவில் வந்த துவர்ப்பு குடியிருப்பது இங்கேதான்.

இதற்குக் காரணம் எளிது. அமிலங்களும் உப்புகளும் தண்ணீரில் சட்டென்று கரைந்துவிடும். கசப்பும் துவர்ப்பும் தருபவற்றில் பெரும்பாலானவை மெதுவாகத்தான் வெளியே வரும். 18 கிராம் தூளிலிருந்து அந்த 60 கிராமுக்குள் கரைந்து வருவது மொத்தம் சுமார் மூன்றரை கிராம். அதில் பாதியோ அதற்கு மேலோ முதல் கோப்பையிலேயே வந்துவிடும். கடைசிக் கோப்பையில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான்.

இப்போது கோப்பைகளை மனதுக்குள் சேர்த்துப் பாருங்கள். முதல் கோப்பையும் இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்தால் நீங்கள் எடுத்த 20 கிராம் ரிஸ்ட்ரெட்டோ. அதாவது புளிப்பு முழுசாக வந்துவிட்டது, அதைச் சமன் செய்ய வேண்டியதில் பாதிக்கு மேல் இன்னும் தூள் இருக்கும் பாஸ்கெட்டிலேயே இருக்கிறது. முதல் இரண்டும் மூன்றாவதில் கொஞ்சமும் சேர்ந்தால் 36 கிராம் நார்மல் ஷாட். நான்கும் சேர்ந்தால் லுங்கோ. லைட் ரோஸ்ட் கொட்டை அடர்ந்து கடினமாக இருக்கும், எளிதில் விட்டுக்கொடுக்காது; அமிலமும் அதில் கூடுதல். அதனால்தான் உங்களுக்கு நார்மல் ஷாட்டே லேசாகப் புளித்தது.

இனிப்பைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அராபிகா பச்சைக் கொட்டையில் சர்க்கரை 6 முதல் 9 சதவீதம் வரை உண்டு. வறுக்கும்போது ஏறக்குறைய எல்லாம் எரிந்தும் உருமாறியும் போய்விடும். ஆகவே கோப்பையில் நாம் உணரும் இனிப்பு, சர்க்கரையை அள்ளிப் போட்டதுபோல வரும் சுவை அல்ல. புளிப்பும் கசப்பும் ஒன்றையொன்று பிடித்துக் கட்டும் இடத்தில், வாசனையின் துணையோடு தோன்றுவது. அந்த இடம் எந்தக் கிராமில் வரும் என்பது கொட்டையைப் பொறுத்தது. டார்க் ரோஸ்ட்டில் 25 கிராமிலேயே வந்துவிடலாம். உங்கள் கொட்டையில் 45 கிராம் தாண்டியும் வரலாம்.

ஆனால் லுங்கோவில் துவர்ப்பு மட்டுமா வந்தது, தண்ணீராகவும் இருந்ததே? ஷாட்டை நீட்டும்போது இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. தூளிலிருந்து கூடுதலாகச் சாரம் இறங்குகிறது. அதே சமயம் கோப்பை நீர்த்துப்போகிறது. வாயில் கெட்டியாக உட்கார்வது, அதாவது பாடி என்று சொல்கிறார்களே அது, இந்த இரண்டாவதைச் சார்ந்தது. கரைந்த பொருள், எண்ணெய்த் துளிகள், மிதந்து வரும் நுண்தூள் எல்லாம் எவ்வளவு தண்ணீரில் பரவியிருக்கின்றன என்பதுதான் கணக்கு. ரிஸ்ட்ரெட்டோவில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்கு மேல் காபிச் சாரம் இருக்கலாம், நார்மலில் எட்டு முதல் பத்து, லுங்கோவில் ஐந்தாறு. ரிஸ்ட்ரெட்டோ கெட்டியாக இருப்பதால் அதில் சாரம் அதிகம் இறங்கியது என்று நினைத்துவிடக் கூடாது. உண்மையில் மூன்றிலும் தூளை மிகக் குறைவாகப் பிழிந்தது அதுதான்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 36 கிராம் நார்மல் ஷாட் ஒன்று எடுத்து, அதில் 24 கிராம் வெந்நீர் ஊற்றுங்கள். இன்னொரு கோப்பையில் 60 கிராம் லுங்கோ எடுங்கள். இரண்டும் ஒரே அளவு, கெட்டித்தன்மையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சூடு சமமானதும் மாற்றி மாற்றிக் குடியுங்கள். கூடுதலாகத் தெரியும் கசப்பும் துவர்ப்பும்தான் அந்தக் கடைசி 24 கிராம் தண்ணீர் தூளுக்குள் போய் இழுத்து வந்தது. வெந்நீர் கலந்தது பிடித்தால், உங்களுக்கு வேண்டியது லுங்கோ அல்ல, மெலிந்த நார்மல் ஷாட். நான் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். லுங்கோ பிடித்தால் அதை ஒழுங்காக எடுக்க வேறு அரைப்பு வேண்டும்.

நீங்கள் மூன்றுக்கும் ஒரே அரைப்பை வைத்துக்கொண்டீர்கள் என்று யூகிக்கிறேன். கோப்பைகளைச் சோதிக்கும்போது அது சரிதான், குடிப்பதற்குச் சரிவராது. அதே தூளில் 60 கிராம் வருவதற்கு 40 விநாடிக்கு மேல் ஆகியிருக்கும். அவ்வளவு நேரம் அவ்வளவு நுண்ணிய தூளில் தண்ணீர் ஓடினால் காறல் வராமல் என்ன செய்யும்? லுங்கோவுக்குக் கிரைண்டரைக் கொஞ்சம் பருவெட்டாக வைத்து, 55 கிராம் அளவை 30 முதல் 35 விநாடிக்குள் இறக்குங்கள். ரிஸ்ட்ரெட்டோவுக்கு எதிர்ப்பக்கம்: இன்னும் மாவாக அரைத்து, 22 முதல் 25 கிராம் வருவதற்கே 25 விநாடிக்கு மேல் ஆகும்படி செய்ய வேண்டும். அப்போது குறைந்த தண்ணீரிலும் சாரம் கூடுதலாக இறங்கும். பாதியில் வெட்டி எடுத்த ரிஸ்ட்ரெட்டோவும் இப்படி அரைத்து எடுத்ததும் எடையில் கிட்டத்தட்ட ஒன்றுதான், சுவை வேறு.

மாவாக அரைப்பதில் ஒரு தொல்லை உண்டு. ஓரளவுக்கு மேல் போனால் தண்ணீர் எல்லாத் தூளின் வழியாகவும் போகாமல், எங்கே இளகலாக இருக்கிறதோ அங்கே வாய்க்கால் வெட்டிக்கொண்டு ஓடிவிடும். தூளைப் போட்டு மெஷினில் மாட்டும் கைப்பிடி, அதாவது போர்ட்டாஃபில்டர், அடி திறந்ததாக இருந்தால் மெல்லிய பீச்சல்கள் பக்கவாட்டில் தெறிப்பதைப் பார்க்கலாம், ஆரம்பத்திலேயே வெளிறிய கோடுகள் ஓடும். வேறு போர்ட்டாஃபில்டரில் நாக்கைத்தான் நம்ப வேண்டும்: ஒரே கோப்பையில் புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்து வந்தால் வாய்க்கால்தான் என்று சந்தேகப்படுங்கள். அரைப்பை ஒரு படி பின்னுக்குக் கொண்டுவந்து, தூளை ஊசியால் கிளறிச் சமமாகப் பரப்பிவிட்டு அழுத்திப் பாருங்கள்.

சரி, இப்போது கையில் இருக்கும் கொட்டைக்கு வருவோம். அதை வைத்து ரிஸ்ட்ரெட்டோ முயற்சியை விட்டுவிடுங்கள். 18 கிராமுக்கு 45 கிராம் எடுங்கள், இப்போதுள்ள அரைப்பிலேயே, 30 முதல் 35 விநாடிக்குள். மெஷினில் சூட்டை மாற்ற முடியுமானால் 94, 95 டிகிரிக்கு ஏற்றுங்கள். புளிப்பு இன்னும் குத்தினால் 48க்குப் போங்கள். நாக்கு வறள ஆரம்பித்தால் இரண்டு மூன்று கிராம் திரும்பி வாருங்கள். தராசில் நிறுத்துப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். கோப்பையின் கோட்டை நம்பி அளந்தால், புதிதாக வறுத்த கொட்டையில் பாதி க்ரீமா நுரைதான் நிற்கும். அப்புறம், குடிக்கும் முன் கலக்கிவிடுங்கள். முதலில் விழும் கெட்டிப் பகுதி அடியில் தங்கிவிடும். கலக்காமல் குடித்தால் மேலே ஒரு ஷாட், கீழே வேறொரு ஷாட். நான் பல மாதங்கள் கலக்காமல் குடித்துவிட்டு, கொட்டை விற்றவரைத் திட்டிக்கொண்டிருந்தவன்.

ரிஸ்ட்ரெட்டோவின் அந்தக் கெட்டியான இனிப்பைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், மீடியத்துக்கு மேல் வறுத்த பொட்டலம் ஒன்று வாங்கி, மேலே சொன்ன 22 முதல் 25 கிராமில் எடுங்கள். கொஞ்சமாகப் பால் சேர்ப்பதற்கும் அது நன்றாக இருக்கும், பாலை நீர்க்க விடாது.

காஃபீன் விஷயம்: அது தண்ணீரில் வேகமாகக் கரைவது, பெரும்பகுதி ஷாட்டின் முதல் பாதியிலேயே வந்துவிடும். ஒரே அளவு தூளில் ரிஸ்ட்ரெட்டோவுக்குக் கொஞ்சம் குறைவு, லுங்கோவுக்குக் கொஞ்சம் கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் தூக்கத்தைக் காப்பாற்றும் அளவுக்கு அந்த வித்தியாசம் இருக்காது. இரவில் ஆசையாக இருந்தால் சின்ன பாஸ்கெட்டை மாட்டி 9 கிராம் தூளில் எடுங்கள், இல்லையென்றால் காஃபீன் நீக்கிய கொட்டை வாங்கி வையுங்கள்.