ஒத்திகைப் படத்திலேயே உடை மாட்டிப் பார்ப்பது: நாடக ஆசிரியர்களின் சில கேள்விகள்

பள்ளி நாடகங்களுக்கு உடை தைத்துக் கொடுக்கிற வேலையில், துணி வெட்டுவதற்கு முன்னால் ஒத்திகைப் படத்தை ஏஐ எடிட் கருவியில் போட்டு உடையை மாட்டிப் பார்ப்பதை இப்போது நிறைய ஆசிரியர்கள் செய்கிறார்கள். நானும் செய்கிறேன். அதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். முதல் கேள்விக்குத்தான் பதில் நீளம், ஏனென்றால் மற்ற சிக்கல்களில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: ஒத்திகையில் கை தூக்கி வசனம் பேசுகிற மாணவனின் படத்தைக் கொடுத்து "இவனை ராஜா மாதிரி மாற்று" என்றேன். தாடி முளைத்துவிட்டது, பின்னால் அரண்மனை வந்துவிட்டது, தூக்கியிருந்த கை கீழே இறங்கிவிட்டது. நான் கேட்டது உடை மட்டும்தானே?

நீங்கள் கேட்டது உடை, ஆனால் சொன்னது ராஜா. அந்த ஒரு சொல்லுக்குள் தாடி, கிரீடம், தூண், நிமிர்ந்த நடை எல்லாமே இருக்கிறது, கருவி அத்தனையையும் இறக்கி வைத்துவிட்டது. பாத்திரத்தின் பெயரைச் சொல்லாமல் துணியைச் சொல்லுங்கள். தையல்காரரிடம் போய் "ராஜா ஒன்று தைத்துக் கொடுங்கள்" என்றா கேட்போம்? நீளம் எவ்வளவு, கை எதுவரை, கழுத்து எப்படி, துணி கெட்டியா மெல்லிசா என்றுதானே சொல்வோம், இங்கும் அதேதான். நான் எழுதுகிற கட்டளை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
அணிந்திருக்கும் சட்டைக்கு மேல் ஒரு மேலங்கி சேர்.
நீளம் முழங்கால் வரை, முழுக்கை, காலர் இல்லை, முன்பக்கத் திறப்பு.
கருஞ்சிவப்பு, கெட்டியான பருத்தி, பளபளப்பு வேண்டாம்.
இடுப்பில் அகலமான மஞ்சள் பட்டை.
முகம், முடி, கைகள், நிற்கும் விதம், கால்சட்டை,
பின்னணி, வெளிச்சம் இப்போது இருப்பது போலவே இருக்கட்டும்.
```

கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். எதை மாற்றுவது என்று சொல்வதைப் போலவே எதைத் தொடக்கூடாது என்பதையும் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். "மற்றதை மாற்றாதே" என்று பொதுவாகச் சொல்வதைவிடக் கைகள், பின்னணி என்று தனித்தனியாகச் சொன்னால் பெரும்பாலும் நன்றாகவே கேட்கிறது.

அடுத்து, சிவப்பு பிடிக்கவில்லை, நீலத்தில் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நாம் எல்லோரும் செய்கிற தவறு, வந்த படத்தின் மேலேயே "நீலமாக்கு" என்று சொல்வது. அப்புறம் அதன் மேல் பட்டையை மாற்றுவது, அதன் மேல் கையைக் குறைப்பது. ஒவ்வொரு சுற்றிலும் கருவி படத்தைக் கொஞ்சம் கொஞ்சம் புதிதாக வரைகிறது, நான்கைந்து சுற்றில் முகம் மெழுகு பொம்மை மாதிரி ஆகிவிடும், விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் மூலப் படத்துக்கே திரும்பிப் போய், கட்டளையில் அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றிக் கொடுங்கள். அதற்காகவே கட்டளையை ஒரு குறிப்பில் சேமித்து வைத்துக்கொள்வது நல்லது.

படம் வந்ததும் மூலத்தையும் புதியதையும் மாற்றி மாற்றித் தட்டிப் பாருங்கள். உடையைப் பார்க்காமல் தரைக்கோடு, பாதம், விரல், தோள் இவற்றைப் பாருங்கள். தோள்தான் அடிக்கடி ஏமாற்றும். ராஜ உடை மாதிரி எதைக் கேட்டாலும் தோளை விரித்து, காலை நீட்டி, பிள்ளையைப் பெரியவராக்கிவிடும். கண்டுபிடிக்க எளிய வழி, தலையின் உயரத்தை விரலால் அளந்து மொத்த உயரம் அதற்கு எத்தனை மடங்கு என்று இரண்டு படத்திலும் எண்ணிப் பார்ப்பது. மூலத்தில் ஆறு மடங்காக இருந்த பிள்ளை புதியதில் ஏழரை ஆகியிருந்தால் அந்த உடை அழகாகத் தெரிவதற்குக் காரணம் உடை இல்லை. அந்தப் படத்தை ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: உடை இருக்கும் இடத்தில் மட்டும் பிரஷ்ஷால் பூசி மாற்றுகிற வசதி என் கருவியில் இருக்கிறது. ஆனால் நீள அங்கி கேட்டால் டி-ஷர்ட் நீளத்துக்கே வந்து நின்றுவிடுகிறது.

டி-ஷர்ட்டை மட்டும் பூசியிருப்பீர்கள். பூசிய இடத்துக்குள்தான் அது வரைய முடியும். பழைய உடை இருக்கும் இடத்தைப் பூசினால் போதாது, புதிய உடை எங்கெல்லாம் வந்து விழுமோ அந்த இடத்தையும் சேர்த்துப் பூச வேண்டும். முழங்கால் வரை அங்கி என்றால் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை, விரிந்த பாவாடை என்றால் இரண்டு பக்கமும் உள்ள வெற்று இடத்தையும் சேர்த்து. முகத்தையும், உடைக்கு வெளியே தெரிய வேண்டிய உள்ளங்கை, விரல்களையும் பூசாமல் விடுங்கள். இந்த வசதி இருந்தால் முதல் கேள்வியில் சொன்ன கை இறங்குகிற தொல்லை பெரும்பாலும் போய்விடும்.

கேள்வி: பிள்ளைகளின் படத்தை இப்படி ஏற்றலாமா? பெற்றோர் ஏற்கெனவே படம் எடுக்கச் சம்மதம் கொடுத்திருக்கிறார்கள்.

படம் எடுக்கக் கொடுத்த சம்மதம் வேறு, அந்தப் படத்தை வெளியே ஒரு கருவியில் ஏற்றி உடையை மாற்றுவதற்கான சம்மதம் வேறு. தனியாகக் கேட்க வேண்டும், பள்ளியிடமும் கேட்க வேண்டும். ஆனால் என்னைக் கேட்டால் பிள்ளையின் படமே தேவையில்லை. அதே இடத்தில், அதே போஸில், வெறும் வண்ணச் சட்டை போட்ட ஓர் ஆசிரியரை நிற்க வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். நிறமும் வடிவமும் முடிவு செய்ய அது போதும். நீளத்தை எப்படியும் டேப் வைத்துப் பிள்ளையின் மேல்தான் அளக்கப்போகிறோம்.

சம்மதம் வாங்கிப் பிள்ளையின் படத்தையே எடுத்தால், ஏற்றுவதற்கு முன் உங்கள் போனிலேயே முகத்தின் மேல் ஒரே நிறத்தில் ஒரு வட்டத்தைப் போட்டு மூடிவிடுங்கள், பள்ளிச் சின்னமும் பெயரும் தெரிந்தால் அதையும். மங்கலாக்குவதைவிட மூடுவது உறுதி. முகமே இல்லாதபோது முகம் மாறுகிற பிரச்சினையும் இல்லை, அது உபரி லாபம். கட்டளையில் எப்போதும் "மேல் சேர்" என்றுதான் எழுத வேண்டும், "கழற்று", "எடுத்துவிடு" என்று எழுதவே கூடாது. சிறுவர் படத்தில் உடை மாற்ற மறுக்கிற கருவிகளும் உண்டு. மறுத்தால் சொல்லை மாற்றி மாற்றி ஏமாற்றப் பார்க்காதீர்கள், அந்தத் தடை இருக்கவேண்டிய தடை. ஆசிரியர் படத்துக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: முன்னோட்டப் படத்தில் பச்சை உடை அருமையாக இருந்தது. மேடையில் ஒளி போட்டதும் கறுப்பாகத் தெரிந்தது. கருவி தவறா?

சிவப்பு ஒளி போட்டிருப்பீர்கள், சரியா? பச்சைத் துணி பச்சை ஒளியைத்தான் திருப்பி அனுப்பும், விளக்கில் பச்சையே இல்லை என்றால் அனுப்ப ஒன்றும் இல்லை, அதனால் இருண்டுபோகிறது. நீல ஒளியில் சிவப்பு உடைக்கும் இதே கதிதான். இரவுக் காட்சிக்கு நீலம் போடுகிறவர்கள் ராஜாவின் சிவப்பு அங்கியை அங்கே மறந்துவிட வேண்டியதுதான்.

"சிவப்பு மேடை ஒளியில் காட்டு" என்று கட்டளை கொடுத்துப் பார்த்தவர்கள் உண்டு. அதை நம்ப வேண்டாம். அது படத்தின் மேல் ஒரு செந்நிறத்தைப் பூசும், துணியும் விளக்கும் சந்தித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடாது. ஒரு கைக்குட்டை அளவு துணியை வாங்கி மேடை விளக்கின் கீழ் பிடித்துப் பார்ப்பதற்கு மாற்று இல்லை.

முன்னோட்டப் படத்தை வைத்தே சோதிக்கக்கூடிய வேறு ஒன்று இருக்கிறது. படத்தைக் கறுப்பு வெள்ளை ஆக்கி, கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான் தெரியும். கருஞ்சிவப்பு அங்கியும் கருநீலத் திரையும் வண்ணத்தில் வெகு தூரம், கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பல், ராஜா திரைக்குள் கரைந்து தலை மட்டும் மிதப்பார். அந்தச் சோதனையில் தோற்றால் நிறத்தை மாற்ற வேண்டாம், வெளிறிய பட்டையோ ஓரமோ சேர்த்தாலே உருவம் பிரிந்துவிடும். கரைப் பூவேலைப்பாடு எல்லாம் அந்த அளவில் தெரியவே தெரியாது என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம், மெனக்கெட வேண்டாம்.

கேள்வி: தையல்காரர் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "இதை எங்கே திறந்து உள்ளே நுழைவது?" என்கிறார்.

நியாயமான கேள்வி. கருவி வரைவது துணியின் தோற்றம், தையல் அதற்குத் தெரியாது. காலர் தோளில் தொடங்கித் துண்டாக முடியும், பட்டைக்கு முடிச்சே இருக்காது, ஒரு கையில் இருக்கிற மடிப்பு இன்னொரு கையில் இருக்காது. முதுகுப் பக்கம் எப்படி என்பது யாருக்கும் தெரியாது. "பின்பக்கத்தைக் காட்டு" என்றால் புதிதாக ஒன்றைக் கற்பனை செய்து தரும், முன்பக்கத்தோடு அது பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை.

அதனால் படத்தோடு ஒரு தாளும் கொடுங்கள். திறப்பு எங்கே, எதனால் மூடுவது, நீளம் எத்தனை அங்குலம், இந்த மூன்றையும் கையால் எழுதினால் பெரும்பாலும் போதும். உங்கள் நாடகத்தில் ராஜா மாறுவேடம் போட்டு வெளியேறுகிறார் என்றால் திறப்புதான் முக்கியம். முன்பக்கம் முழுக்கத் திறந்து வெல்க்ரோவால் மூடுகிற அங்கி, அதற்குள்ளேயே அழுக்குச் சட்டை, திரைக்குப் பின்னால் ஒரே இழுப்பு. இதையும் படத்தில் பார்க்கலாம்: "அங்கியின் முன்பக்கம் திறந்திருக்கட்டும், உள்ளே சாம்பல் நிறச் சட்டை" என்று மூலப் படத்தில் இன்னொரு முறை ஓட்டுங்கள். உள்சட்டையின் கையோ காலரோ அங்கிக்கு வெளியே எட்டிப் பார்க்குமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று, நேராக நிற்கிற படத்தில் எந்த உடையும் நன்றாகத்தான் இருக்கும். ஒத்திகையில் கையை அதிகம் உயர்த்துகிற நொடி, தரையில் உட்கார்கிற நொடி, இந்த இரண்டு படங்களில் மாட்டிப் பாருங்கள். கை இறுக்கத்தைப் படம் சொல்லாது, ஆனால் உட்காரும்போது அங்கி எவ்வளவு தரையில் விரியும், பக்கத்தில் நடப்பவர் அதை மிதிப்பாரா என்பது உங்கள் கண்ணுக்குத் தட்டுப்படும்.

கேள்வி: தமிழில் கட்டளை எழுதினால் போதுமா?

பெரும்பாலும் போதும். ஓர் உடையின் பெயரை அது தவறாகப் புரிந்துகொண்டால் பெயரை விட்டுவிட்டு வடிவத்தைச் சொல்லுங்கள்.

கேள்வி: எட்டுக் காவலாளிகள், எல்லோருக்கும் ஒரே உடை. குழுப் படத்தைக் கொடுத்தால் எட்டு விதமாக வருகிறது.

குழுப் படத்தில் வேண்டாம். "இடமிருந்து மூன்றாவது ஆள்" என்று சொன்னால் நான்காவது ஆளுக்குப் போட்டுவிடும். ஒருவரின் படத்தில் உடையை முடிவு செய்யுங்கள், மிகக் குள்ளமானவர், மிக உயரமானவர் என்று இன்னும் இருவரின் படத்தில் அதே கட்டளையை எழுத்து மாறாமல் ஓட்டுங்கள், பார்த்து வரைய இன்னொரு படத்தையும் கருவி ஏற்றுக்கொண்டால் முதலாமவரின் உடை மாற்றிய படத்தையும் சேர்த்துக் கொடுங்கள். மீதி ஐந்து பேருக்கு ஓட்டிப் பார்ப்பதில் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை, அந்த நேரத்தில் எட்டுப் பேருக்கும் அளவெடுத்துவிடலாம்.